மூன்று நிமிடத்தில் ஒரு பத்தி: மையக்கருத்து, தொனி, நோக்கம் பிடிக்கப் பழகும் முறை

தக்கலையில் மாலை ஆறு மணிக்கு மேல் ஏழெட்டுப் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்க என்னிடம் வருகிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்குக் குலசேகரம் பக்கம் ஊர். வீட்டில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் தேன் தொழிலைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதி எல்லாருக்கும் கொடுத்தேன். அந்த விஷயம் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும், முதலில் முடிப்பவள் அவள்தான் என்று நினைத்தேன். முதலில் முடித்ததும் அவள்தான். ஆனால் மையக்கருத்துக் கேள்வியில் தவறியதும் அவள் ஒருத்திதான்.

அது எப்படி நடந்தது என்பதை வைத்தே முழு முறையையும் சொல்லிவிடலாம். கேள்வித்தாளில் கொடுக்கும் முழுப் பகுதியைப் பத்தி என்றும், அதன் உட்பிரிவைப் பாரா என்றும் எழுதுகிறேன். பத்தி இதுதான்:

"மார்த்தாண்டம் தேன் என்றதும் பூக்கள்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் அந்தத் தேனின் பெரும்பகுதி ரப்பர் மரத்தின் தளிர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து கிடைக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கும் சில வாரங்களே தேனீ வளர்ப்போரின் அறுவடைக் காலம்.

1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் தேனீக் கூட்டங்களை அழித்தது. பலர் தொழிலையே விட்டார்கள். நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியவர்கள் மெல்ல மீண்டார்கள்.

இன்று இந்தத் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒரே மரத்தை நம்பி நிற்கும் தொழிலைச் சான்றிதழ் மட்டும் காப்பாற்றிவிடாது. தளிர்க்கும் நாள்களில் மழை பெய்தால் அந்த ஆண்டின் வரவு போய்விடும். மற்ற மாதங்களில் பூக்கும் மரங்களைத் தோப்பு ஓரங்களில் நடுவது பற்றி இப்போதே யோசிக்க வேண்டும்."

மையக்கருத்து எது என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தேன்.

அ) தேனீ வளர்ப்பு கிராமப் பொருளாதாரத்துக்கு உதவும் தொழில்.
ஆ) வைரஸ் நோயிலிருந்து தேனீ வளர்ப்போர் விடாமுயற்சியால் மீண்டார்கள்.
இ) ஒரே மரத்தைச் சார்ந்திருப்பது மார்த்தாண்டம் தேன் தொழிலின் பலவீனம்.
ஈ) கலப்படத் தேனால் உண்மையான வளர்ப்போருக்கு உரிய விலை கிடைப்பதில்லை.

அவள் 'ஈ' என்று எழுதியிருந்தாள். "எங்க வீட்டுல அதுதானே சார் பிரச்சனை" என்றாள். அவள் சொன்னது அவள் வீட்டைப் பொறுத்தவரை உண்மையாகவே இருக்கும். ஆனால் பத்தியில் கலப்படம் என்ற சொல்லே கிடையாது. தெரிந்த விஷயம் பத்தியாக வரும்போது கண் பாதியைத்தான் படிக்கிறது, மீதியை மனசு தன் பாட்டுக்கு எழுதிக்கொள்கிறது. நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு ரப்பர், மீன்பிடி, கருப்பட்டி பற்றிய பத்தி வந்தால் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது

எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விக்கு 60 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு 36 விநாடி. ஐந்து கேள்வி கொண்ட பத்தி வந்தால் படிப்பதற்கும் விடை குறிப்பதற்கும் சேர்த்து 3 நிமிடம்தான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் 200 கேள்விக்கு 3 மணி நேரம். கேள்விக்கு 54 விநாடி வரும் என்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம். இன்னொரு வித்தியாசமும் உண்டு. சிஜிஎல் முதல் கட்டத்தில் ஒவ்வொரு தவறான விடைக்கும் அரை மதிப்பெண் கழியும், குரூப் 4இல் கழிக்க மாட்டார்கள். அதனால் சிஜிஎல்லுக்குப் படிப்பவர்கள் இரண்டு விடைக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் பழக்கத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

3 நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன்: கேள்விகளை மட்டும் பார்க்க 15 விநாடி, பத்தியைப் படிக்க ஒன்றரை நிமிடம், சொந்தமாக ஒரு வரி எழுத 15 விநாடி, மீதி 1 நிமிடம் விடைகளுக்கு. பத்தி நீளமாக இருந்தால் படிக்கும் நேரம் கூடும். ஆனால் அந்த ஒரு வரிக்கான 15 விநாடியை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதலில் கேள்வியைப் பாருங்கள், விடைகளை மூடுங்கள்

ஒரு பழைய அழைப்பிதழ் அட்டையைப் பாதியாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது அதை விடைகளின் மேல் வைத்து மூடிவிட வேண்டும். கேள்வியின் முதல் வரி மட்டும் தெரிந்தால் போதும். "ஆசிரியரின் தொனி", "மையக்கருத்து", "எந்த ஆண்டு" என்று கேள்வி எந்த வகை என்பதை மனதில் குறித்துக்கொண்டு பத்திக்குப் போய்விடுங்கள்.

விடைகளை முதலிலேயே பார்த்தால் என்ன ஆகும்? நான்கில் மூன்று தவறானவை. பத்தியைப் படிக்கும் முன்பே மூன்று தவறான கருத்துகள் மனதில் உட்கார்ந்துவிடும். அப்புறம் பத்தியில் அவற்றுக்கு ஆதாரம் தேடிக்கொண்டே படிப்போம். கலப்படம் என்ற விடையை அந்தப் பெண் முதலில் பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். பிறகு கேட்டபோது அவளே சொன்னாள்.

படிக்கும்போது திருப்பத்தில் கோடு போடுங்கள்

எல்லா வரியையும் ஒரே வேகத்தில் படிக்க வேண்டியதில்லை. எழுதுபவர் பெரும்பாலும் ஊரார் சொல்வதையோ தான் ஒத்துக்கொள்வதையோ முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகு தன் பேச்சுக்கு வருவார். அந்த இடத்தில் ஒரு திருப்பச் சொல் இருக்கும். தமிழில் ஆனால், எனினும், உண்மையில், இருந்தபோதிலும், மாறாக. ஆங்கிலத்தில் பட், ஹவெவர், யெட், டெஸ்பைட். பென்சிலால் அந்தச் சொல்லின் கீழ் மட்டும் ஒரு கோடு போதும். கணினியில் எழுதும் தேர்வானால் கையில் இருக்கும் தாளில் "பாரா 3, ஆனால்" என்று குறித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆல்தோ, டெஸ்பைட் என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்தச் சொல்லை ஒட்டி வரும் பகுதி ஆசிரியர் ஒத்துக்கொள்ளும் பகுதி. காற்புள்ளிக்கு அப்பால் இருப்பதே அவர் சொல்ல வருவது. தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கே சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தமிழில் "என்றாலும்" நடுவில் வந்து, கனமான பகுதி தானாகவே பின்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாக்கியத்தின் தலையிலேயே நிற்பதால், முதலில் வருவதுதான் முக்கியம் என்று தோன்றிவிடுகிறது.

நம் தேன் பத்தியில் இரண்டு திருப்பங்கள் உண்டு. முதல் பாராவில் "உண்மையில்", மூன்றாவதில் "ஆனால்". இரண்டையும் ஒட்டி வருவது ஒரே செய்தி: தேன் ரப்பரிலிருந்து வருகிறது, அந்த ஒரே மரத்தை நம்புவது ஆபத்து. இரண்டு திருப்பமும் ஒரே பக்கம் கை காட்டினால் மையக்கருத்து கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும்.

ஒரு வரி, வினைச்சொல்லோடு

இப்போது அட்டையை எடுக்காமலேயே, பத்தி என்ன சொல்கிறது என்று பத்துச் சொல்லுக்குள் எழுதுங்கள். இந்த முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது, இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

முதல் வாரம் பிள்ளைகள் எழுதும் வரி பெரும்பாலும் "மார்த்தாண்டம் தேன் பற்றியது" என்றே இருக்கும். அது தலைப்பு. தலைப்பை வைத்துக்கொண்டு நான்கு விடைகளில் ஒன்றைக்கூட நீக்க முடியாது, நான்குமே தேனைப் பற்றியவைதான். வரி முழு வாக்கியமாக இருக்க வேண்டும், அதில் ஒரு முடிவு இருக்க வேண்டும். "ரப்பரை மட்டும் நம்பினால் தேன் தொழில் நிலைக்காது" என்று எழுதினால், அட்டையை எடுத்ததும் 'இ' தானாகக் கண்ணில் படும். 'அ'வையும் 'ஈ'யையும் இரண்டாம் முறை பார்க்க வேண்டிய தேவையே வராது.

எழுதிய வரி சரிதானா என்று சந்தேகம் வந்தால் நீக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு பாராவையும் விரலால் மறைத்துவிட்டு, மீதியைப் படித்தால் ஆசிரியர் சொல்ல வந்தது நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பாராவை மறையுங்கள். வைரஸ் கதை போய்விடும், ஆனால் ஆசிரியரின் பேச்சு அப்படியே நிற்கும். மூன்றாவதை மறையுங்கள். மிஞ்சுவது கொஞ்சம் தகவலும் கொஞ்சம் வரலாறும்தான். ஏன் இதையெல்லாம் சொன்னார் என்று தெரியாமல் போய்விடும். அப்படியானால் 'ஆ' துணைச் செய்தி என்பது உறுதி. எந்தப் பாரா போனால் பத்தி சரிந்துவிடுகிறதோ அந்தப் பாராதான் தூண்.

தேர்வு அறையில் இதைச் செய்ய நேரம் இருக்காது. பயிற்சியில் ஒரு மாதம் செய்தால் எந்தப் பாரா தூண் என்பதைக் கண் தானாகப் பிடிக்கத் தொடங்கும்.

தவறான விடைகள் எப்படிச் செய்யப்படுகின்றன

கேள்வி எழுதுபவரின் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வேலை எளிதாகிவிடும். தவறான விடைகளைப் பெரும்பாலும் நான்கு வழிகளில் செய்கிறார்கள். பத்தியைவிட அகலமாகப் பேசுவது ஒன்று. நம் 'அ' அதுதான், மார்த்தாண்டத்தை விட்டுவிட்டு எல்லாக் கிராமத்துக்கும் போய்விட்டது. ஒரு பாராவுக்குள் சுருங்குவது இன்னொன்று, 'ஆ' அதற்கு உதாரணம். உலகத்தில் உண்மையாக இருந்தாலும் பத்தியில் இல்லாதது 'ஈ'. நான்காவது, பத்தியின் சொற்களையே எடுத்து அர்த்தத்தைத் திருப்பிப்போடுவது. "புவிசார் குறியீடு தேன் தொழிலைக் காப்பாற்றும்" என்று ஒரு விடை இருந்திருந்தால் அது இந்த வகை. பத்தியின் சொற்கள் அப்படியே இருப்பதால் அவசரத்தில் படிப்பவர்கள் அதில் விழுந்துவிடுவார்கள். இன்னொரு பத்தியில் அப்படி வைத்தபோது வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் குறித்தார்கள்.

தொனி: எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம்

தொனிக் கேள்வியில் உணர்வை ஊகிக்கப் போகாதீர்கள். சொற்களைப் பொறுக்குங்கள். மதிப்பிடும் சொல், அளவைக் கூட்டிக் குறைக்கும் சொல், கட்டளையிடும் சொல் ஆகிய மூன்று வகை போதும். தேன் பத்தியில் கிடைப்பவை: மகிழ்ச்சிக்குரியது, மட்டும், காப்பாற்றிவிடாது, யோசிக்க வேண்டும்.

பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார்? தேன் தொழிலின் பக்கம்தான், அது பிழைக்க வேண்டும் என்கிறார். எவ்வளவு அழுத்தமாகப் பேசுகிறார்? யாரையும் திட்டவில்லை, துரோகம், அலட்சியம் போன்ற சொல் ஒன்றும் இல்லை. "மகிழ்ச்சிக்குரியது" என்று ஒத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். ஆகவே கடும் கண்டனம் என்ற விடை போய்விடும். "வேண்டும்" என்று முடிப்பதால் நடுநிலை விளக்கமும் போய்விடும். பெருமிதம் என்ற விடை "ஆனால்" வந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. அக்கறையோடு கூடிய எச்சரிக்கை மிஞ்சும்.

ஆங்கிலத் தொனிச் சொற்களில் கிரிட்டிகல் என்பதற்குத் திட்டுவது என்று பொருள் கொள்ளாதீர்கள். குறைநிறையை எடைபோட்டுக் குறையைச் சுட்டுவதையும் அது குறிக்கும். ஸ்கெப்டிகல் என்றால் நம்பத் தயங்குபவர், பெசிமிஸ்டிக் என்றால் நல்லது நடக்காது என்று முடிவுகட்டியவர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இன்டிஃபரன்ட் என்ற விடை சரியாக வருவது மிக அரிது. அக்கறையே இல்லாதவர் எதற்கு உட்கார்ந்து எழுதப் போகிறார்?

நோக்கம்: ஒரே வினைச்சொல்

மையக்கருத்து என்பது ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பது. நோக்கம் என்பது அதைச் சொல்லி என்ன செய்யப் பார்க்கிறார் என்பது. விளக்க, ஒப்பிட, எச்சரிக்க, வலியுறுத்த, மறுக்க, நினைவுகூர என்ற ஆறு வினைச்சொற்களில் பெரும்பாலான பத்திகள் அடங்கிவிடும். கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அதில் வாசகர் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா? தேன் பத்தியின் கடைசி வாக்கியம் மரம் நடச் சொல்கிறது. எனவே நோக்கம் வலியுறுத்துவது. "ரப்பர் தேன் உருவாகும் விதத்தை விளக்க" என்ற விடை முதல் பாராவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

தினமும் எப்படிப் பழகுவது

நாளுக்கு இரண்டு பத்தி போதும். பத்துப் பத்தி போட்டுவிட்டு விடைத்தாளோடு ஒப்பிட்டு மூடிவைப்பதால் பெரிய பயன் இல்லை. முதல் இரண்டு வாரம் தமிழ்ப் பத்தியில் மட்டும், கடிகாரம் இல்லாமல் செய்யுங்கள். ஆங்கிலத் தேர்வு எழுதுபவர்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும். மொழி தடுக்கிறதா, முறை தெரியவில்லையா என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும். மூன்றாவது வாரம் ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம். நான்காவது வாரத்தில் கடிகாரத்தை வையுங்கள்.

பத்திக்கு எங்கும் அலைய வேண்டாம். நாளிதழின் தலையங்கத்தில் முதல் மூன்று பாராவை எடுத்து ஒரு வரி எழுதினாலே பயிற்சிதான். நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனால் நாளிதழ்கள் மேசையில் கிடக்கும். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் பழைய வினாத்தாளைப் போனில் வைத்துப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் பத்தியைப் படித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஒரு வரியைக் கையால் எழுதுங்கள். மனதுக்குள் சொல்லும்போது வரி எப்போதும் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம்: என் ஒரு வரி, நான் குறித்த விடை, சரியான விடை, எந்த வகைப் பொறியில் விழுந்தேன். கடைசிக் கட்டத்தில் அகலம், குறுகல், வெளிவிஷயம், திருப்பிப்போட்டது என்று ஒரு சொல் எழுதினால் போதும். இருபது பத்தி முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். குறுகல் அதிகமாக இருந்தால், கடைசியாகப் படித்ததோ மனதில் பளிச்சென்று நின்றதோ உங்களை இழுக்கிறது. நீக்கிப் பார்க்கும் சோதனையை இன்னும் சில நாள் செய்யுங்கள். திருப்பிப்போட்டது அதிகமாக இருந்தால், விடையின் வினைச்சொல்லைப் பார்க்காமல் குறிக்கிறீர்கள். குலசேகரத்துப் பெண்ணின் நோட்டில் முதல் இருபதில் வெளிவிஷயம்தான் அதிகம். அதற்குப் பிறகு, குறித்த விடைக்கு ஆதாரமான வரியின் பக்கத்தில் விடை எழுத்தை எழுதும் பழக்கத்தை வைத்துக்கொண்டாள். வரி கிடைக்கவில்லை என்றால் விடையை மாற்றிவிடுவாள்.

இந்த முறை உதவாத இடங்கள்

எல்லாப் பத்திக்கும் இது வேண்டாம். குரூப் 4 பொதுத்தமிழில் வரும் பத்திகளில் யார், எப்போது, எது என்ற நேரடிக் கேள்விகள் நிறைய உண்டு. அங்கே ஒரு வரி எழுதி நேரத்தைச் செலவழிக்காமல், கேள்வியில் உள்ள பெயரையோ எண்ணையோ பத்தியில் தேடிப் பிடித்துவிடுங்கள். யூபிஎஸ்சி முதல்நிலையின் இரண்டாம் தாளில் வரும் ஊகக் கேள்விகளுக்கு மையக்கருத்து தெரிவது தொடக்கம் மட்டுமே. எழுதப்படாத எந்த எண்ணத்தின் மேல் வாதம் நிற்கிறது என்று பார்ப்பது தனிப் பயிற்சி.

திருப்பச் சொல்லே இல்லாத பத்திகளும் வரும். அதற்கு ஒரு சின்னப் பத்தி தருகிறேன், அட்டை வைத்துச் செய்து பாருங்கள்.

"மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வருபவர்கள் 115 அடி உயரத்திலிருந்து பறளியாற்றைப் பார்த்து வியக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், நுங்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் நடந்து போனது ஒரு கால்வாயின் ஓரத்தில். பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகக் கட்டியது அது. அந்தத் தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று கேட்பவர் அரிது."

எனக்கு வந்த ஒரு வரி: "தொட்டிப்பாலத்தின் வேலையை மறந்து உயரத்தை மட்டும் பார்க்கிறோம்." திருப்பம் இரண்டாம் வாக்கியத்தில் இருக்கிறது. "ஆனால்" என்ற சொல் இல்லை. "கால்வாயின் ஓரத்தில்" என்று காட்சியை மாற்றியே திருப்பிவிட்டார். தொனிக்குக் கிடைக்கும் சொல் கடைசியில் உள்ள "அரிது" ஒன்றுதான். கோபம் இல்லை, கேலியும் இல்லை, ஆதங்கம். கடைசி வாக்கியத்தில் நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை எதுவும் இல்லாததால் வலியுறுத்தல் என்ற விடையை நீக்கிவிடலாம். நோக்கம் நினைவூட்டுவது.